இரண்டு பாலிசி, ஒரு விகிதம்: பிரீமியத்தையும் முதிர்வுத் தொகையையும் தேதி வைத்துப் பார்த்தல்

கேள்வி

ஒரே வயது, ஒரே காப்பீட்டுத் தொகை, ஒரே 20 ஆண்டுக் காலம். ஒன்று எண்டோமென்ட் பாலிசி, மற்றது மணிபேக் பாலிசி. இரண்டில் எதில் போட்ட பணம் அதிகமாக வளர்கிறது என்பதுதான் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. எளிய கேள்விபோலத் தோன்றினாலும் இதற்கு நடைமுறையில் சொல்லப்படும் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. விற்பவர் சொல்லும் விடைகள் மட்டுமல்ல, காப்பீட்டை முதலீடாகக் கருதக் கூடாது என்று வாதிடுவோர் சொல்லும் விடைகளும் தவறாகவே இருக்கின்றன. இரு தரப்பும் ரூபாயைக் கூட்டிக் கழிக்கும்போது அந்த ரூபாய் எந்தத் தேதியில் கைமாறியது என்பதைத் தொலைத்துவிடுவதுதான் காரணம்.

கணக்குக்காக 30 வயதுக்காரர் ஒருவரின் 5 லட்சம் ரூபாய்ப் பாலிசிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். முதலாவதான எண்டோமென்டில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டும். போனஸ் ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 20,000 சேரும். இந்தப் போனஸ் கூட்டு வட்டியில் வளர்வதில்லை. ஆண்டுதோறும் பாலிசியின் பேரில் எழுதிவைக்கப்பட்டு முதிர்வில்தான் கைக்கு வருகிறது. 20 ஆண்டில் அது 4 லட்சம் ஆகும். காப்பீட்டுத் தொகையோடு சேர்த்து முதிர்வில் 9 லட்சம் கிடைக்கும்.

இரண்டாவது மணிபேக். இதன் அமைப்பு எல்.ஐ.சி.யின் 20 ஆண்டு மணிபேக் திட்டத்தை ஒத்தது. பிரீமியம் 15 ஆண்டுகள் மட்டும். 5, 10, 15ஆம் ஆண்டு முடிவுகளில் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் திரும்பி வரும். 20ஆம் ஆண்டு முடிவில் மீதி 40 சதவீதமும் முழுப் போனஸும் வரும். பிரீமியம் ஆண்டுக்கு 38,000, போனஸ் ஆயிரத்துக்கு 36 என்று வைத்துக்கொள்கிறேன். ஆக 5 லட்சத்து 70 ஆயிரம் கட்டி, மூன்று முறை ஒவ்வொரு லட்சமும், கடைசியில் 2 லட்சத்தோடு 3 லட்சத்து 60 ஆயிரம் போனஸும் பெறுகிறோம். அமைப்பு சந்தையில் உள்ளது. பிரீமியமும் போனஸும் கணக்கு விளங்குவதற்காக நான் தேர்ந்த எண்கள். தம் பாலிசியின் எண்களை இட்டு இதே வழியில் யாரும் போட்டுப் பார்க்கலாம்.

வழக்கிலுள்ள கணக்குகள்

எண்டோமென்டில் 5 லட்சம் கட்டி 9 லட்சம் பெறுகிறோம். இலாபம் 80 சதவீதம். அதை 20 ஆண்டால் வகுத்து, ‘ஆண்டுக்கு 4 சதவீதம்தான்’ என்பார் ஒருவர். இன்னொருவர் கூட்டு வட்டி தெரிந்தவர். 5 லட்சம் 20 ஆண்டில் 9 லட்சமாக என்ன வட்டி வேண்டும் என்று பார்த்து, ‘3 சதவீதம்கூட இல்லை’ என்று முடிப்பார். காப்பீட்டுத் திட்டங்களைச் சாடும் எழுத்துகளில் இந்த இரண்டாம் கணக்கு அடிக்கடி தட்டுப்படுகிறது. ஆனால் 5 லட்சமும் முதல் நாளே கட்டப்படவில்லை. முதல் தவணைதான் 20 ஆண்டுகள் உள்ளே இருந்தது. கடைசித் தவணை ஓராண்டு மட்டுமே இருந்தது. சராசரியாக ஒரு ரூபாய் பத்தரை ஆண்டுகளே உள்ளே இருந்திருக்கிறது. இதைக் கவனித்த சாமர்த்தியமான முகவர் 80ஐப் பத்தரையால் வகுத்து, ‘ஏழரைக்கு மேல் வருகிறது’ என்பார். அவர் காலத்தைச் சரிசெய்துவிட்டு, தனி வட்டியைக் கூட்டு வட்டிபோலக் காட்டுகிறார். ஒரே பாலிசிக்கு 3, 4, 7.6 என மூன்று விடைகள்.

மணிபேக்கில் இது இன்னும் விசித்திரமாகிறது. மொத்த வரவு 8 லட்சத்து 60 ஆயிரத்தை மொத்தக் கட்டணத்தால் வகுத்தால் ஒன்றரை மடங்கு, எண்டோமென்டின் 1.8 மடங்கைவிடக் குறைவு. ஆனால் விற்பனையில் சொல்லப்படும் கணக்கு வேறு: ‘கட்டியது 5 லட்சத்து 70 ஆயிரம். அதில் 3 லட்சம் நடுவிலேயே உங்கள் கைக்கு வந்துவிட்டது. ஆக, நீங்கள் போட்டது 2 லட்சத்து 70 ஆயிரம்தான்; கடைசியில் வருவது 5 லட்சத்து 60 ஆயிரம்.’ இப்போது மணிபேக் இரண்டு மடங்கைத் தாண்டி எண்டோமென்டை வென்றுவிடுகிறது. எந்த எண்ணும் பொய்யில்லை. எதை எதோடு கழித்தோம் என்பதால் வெற்றி தோல்வி இடம் மாறியிருக்கிறது.

இத்தகைய கழித்தல் கணக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் மொத்தப் பிரீமியத்திலிருந்து போனஸையும் சரண்டர் மதிப்பையும் கழித்து, ‘நிகரச் செலவு’ என்று காட்டும் முறை பல காலம் புழங்கியது. கழித்த விடை பெரும்பாலும் எதிர்மறையாக வரும். காப்பு இலவசம், மேற்கொண்டு பணமும் கிடைக்கிறது என்று அதைக் காட்டி விற்பார்கள். அந்த முறையில் வட்டி என்பதே இல்லாமல் போனதைச் சுட்டிக்காட்டியவர்களில் இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பெல்த் முக்கியமானவர். 1970-களில் வட்டியைச் சேர்த்துக்கொண்ட முறைகள் அதன் இடத்தைப் பிடித்தன. 1979-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் அலுவலர் அறிக்கை, 1977-இல் ஆயுள் காப்பீட்டுச் சேமிப்பின் சராசரி ஈட்டு 1.3 சதவீதம் என்று சொன்னபோது காப்பீட்டுத் துறை கொதித்தெழுந்தது. இந்தியாவில் அந்த அளவு வெளிப்படையான சர்ச்சை நடக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, நிகரக் கழிப்புக் கணக்கு இங்கே இன்னும் தெம்பாக இருக்கிறது.

தேதி வைத்த கணக்கு

சரியான கேள்வி இது: கட்டும் ஒவ்வொரு தவணையையும் அதே நாளில் ஒரு வங்கிக் கணக்கில் போட்டு, பாலிசி பணம் தரும் நாள்களில் அதே தொகையை எடுத்து, கடைசி நாளில் கணக்கு சரியாகச் சுழியாக வேண்டுமானால், வங்கி என்ன வட்டி தர வேண்டும்? அந்த வட்டியே பாலிசியின் ஆண்டு ஈட்டு விகிதம். கணிதத்தில் இதை உள்ளார்ந்த வருவாய் விகிதம் என்பார்கள்.

எண்டோமென்டுக்கு இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் 25,000 வீதம் 20 முறை போட்டால், 5 சதவீதக் கூட்டு வட்டியில் ஏறத்தாழ 8 லட்சத்து 68 ஆயிரம் சேரும். ஐந்தரை சதவீதத்தில் 9 லட்சத்து 20 ஆயிரம் சேரும். நமக்கு வருவது 9 லட்சம். அரை சதவீத ஏற்றத்துக்கு 52 ஆயிரம் கூடுகிறது. நமக்கு வேண்டியது 32 ஆயிரம். ஆகவே விடை 5.3 சதவீதம். 3 என்றவரும் தவறு, 7.6 என்றவரும் தவறு.

மணிபேக்கில் இரு பக்கத்தையும் 20ஆம் ஆண்டு முடிவுக்கு வளர்த்துப் பார்க்க வேண்டும். நாலரை சதவீதத்தில் கட்டிய பிரீமியங்கள் 10 லட்சத்து 28 ஆயிரத்து 500 ஆகின்றன. திரும்பி வந்தவை, முதிர்வுத் தொகையோடு சேர்த்து, 10 லட்சத்து 33 ஆயிரத்து 400 ஆகின்றன. வரவு பக்கம் சற்று மிஞ்சுகிறது. 5 சதவீதத்தில் பிரீமியங்கள் 10 லட்சத்து 99 ஆயிரத்தையும் வரவுகள் 10 லட்சத்து 58 ஆயிரத்தையும் தொடுகின்றன. இப்போது வரவு பக்கம் 40 ஆயிரம் குறைகிறது. இரண்டும் சமமாகும் இடம் 4.56 சதவீதம்.

ஆக, மணிபேக் எண்டோமென்டைவிட ஆண்டுக்கு முக்கால் சதவீதம் குறைவாகத் தருகிறது. நிகரக் கழிப்பு காட்டியதற்கு இது நேரெதிர். அந்த 3 லட்சத்தைக் கழித்தபோது நாம் மறந்தது என்ன? முதல் லட்சம் வருவதற்குள் 1 லட்சத்து 90 ஆயிரம் கட்டி முடித்திருந்தோம். கையில் வாங்கிய லட்சம் நாம் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியே. 15ஆம் ஆண்டில் மூன்றாவது லட்சத்தை எடுத்த பிறகும், 4.56 சதவீத வட்டிக் கணக்குப்படி 4 லட்சத்து 48 ஆயிரம் உள்ளேதான் இருக்கிறது. 2 லட்சத்து 70 ஆயிரம் என்ற ‘உண்மையான முதலீடு’ எந்தத் தேதியிலும் இருந்ததில்லை.

மணிபேக்கில் பணம் போவதும் வருவதும் மாறி மாறி நிகழ்வதால், சமன்பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருக்கக்கூடும் என்ற கணித ஆட்சேபம் ஒன்று உண்டு. இங்கே அந்தத் தொல்லை இல்லை. கடைசி நாள்வரை நம் பணம் நிறுவனத்திடம் நிலுவையில் இருக்கிறதே தவிர, நாம் போட்டதற்கு மேல் ஒருபோதும் எடுத்துவிடவில்லை.

அட்டவணையில் நுழையும் பிழைகள்

இன்று இதைக் கையால் செய்வோர் குறைவு. எக்செல் போன்ற விரிதாளில் வரிசையாக எண்களை இட்டு, ஒரு சூத்திரம் எழுதினால் போதும். முதல் நெடுவரிசை எண்டோமென்ட், இரண்டாவது மணிபேக்:

```
A1:A20    -25000
A21       900000
=IRR(A1:A21)

B1:B5     -38000
B6         62000
B7:B10    -38000
B11        62000
B12:B15   -38000
B16       100000
B17:B20        0
B21       560000
=IRR(B1:B21)
```

ஆறாவது, பதினோராவது வரிகளில் 62,000 இருப்பது ஏன் என்றால், 5ஆம் ஆண்டு முடிவும் 6ஆம் ஆண்டுத் தொடக்கமும் ஒரே நாள். வரும் லட்சத்தில் அன்றைய பிரீமியம் 38,000 கழிகிறது.

சூத்திரம் எளிது, இடுவதில்தான் சறுக்கல். முதல் சறுக்கல், முதிர்வுத் தொகையை 20ஆம் பிரீமியம் இருக்கும் வரியிலேயே சேர்த்துவிடுவது. 20 ஆண்டு என்றால் 20 வரி என்று மனம் எண்ணிக்கொள்கிறது. பிரீமியம் ஆண்டின் தொடக்கத்தில், முதிர்வு ஆண்டின் முடிவில்; ஆகவே 21 வரிகள் வேண்டும். ஒரு வரியைச் சுருக்கிவிட்டால் எண்டோமென்டின் 5.3 சதவீதம் 5.8 ஆகிவிடுகிறது.

இரண்டாவது சறுக்கல் இதைவிட மோசம். இது கண்ணுக்கே தெரியாது. மணிபேக்கில் பிரீமியமும் இல்லாமல் வரவும் இல்லாமல் கழியும் நான்கு வரிகளைச் சிலர் வெறுமையாக விட்டுவிடுவார்கள். விரிதாளின் இந்தச் சூத்திரம் வெற்றுக் கட்டங்களைச் சுழியாக எடுப்பதில்லை. அவை இல்லவே இல்லை என்று தாண்டிவிடுகிறது. அதாவது 20ஆம் ஆண்டில் வரும் 5 லட்சத்து 60 ஆயிரம் 16ஆம் ஆண்டிலேயே வந்ததாகக் கணக்காகிறது. விடை 4.56 சதவீதத்திலிருந்து 6.1 சதவீதத்துக்குத் தாவி, மணிபேக் எண்டோமென்டை முந்திவிடும்! சுழிகளை இட வேண்டும். சந்தேகம் இருந்தால், வந்த விகிதத்தைக் கொண்டு ஆண்டுவாரியாக ஒரு வட்டிக் கணக்கு எழுதிப் பாருங்கள். முதிர்வு நாளில் நிலுவை சுழிக்கு வராவிட்டால் எங்கோ ஒரு தேதி தவறியிருக்கிறது என்று பொருள்.

இதோடு வரியையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜூலை முதல் எண்டோமென்ட் வகைப் பிரீமியத்துக்கு முதல் ஆண்டு நாலரை சதவீதமும் பின்னர் இரண்டே கால் சதவீதமும் ஜி.எஸ்.டி. இருந்தது, தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு அது 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. முழுக் காலமும் அந்த வரியோடு கட்டியிருந்தால் நம் எண்டோமென்டின் 5.3, 5.1 ஆகக் குறைந்திருக்கும். பழைய பாலிசிக்குக் கணக்குப் போடுகிறவர் ரசீதில் உள்ள மொத்தத் தொகையை எடுக்க வேண்டும், பாலிசிப் பத்திரத்தில் உள்ள பிரீமியத்தை அல்ல.

நடுவில் வரும் லட்சம்

மணிபேக்கின் ஆதரவாளர் இங்கே நியாயமான ஒரு கேள்வி கேட்கலாம். கைக்கு வந்த லட்சத்தை அவர் சும்மா வைத்திருக்கப் போவதில்லையே. அதை வேறிடத்தில் போட்டு வளர்த்தால் மணிபேக் மேலேறாதா? ஈட்டு விகிதம், உள்ளே இருக்கும் பணத்தின் வளர்ச்சியை மட்டுமே சொல்கிறது; வெளியே எடுத்த பணம் என்னவாயிற்று என்று அது சொல்வதில்லை. ஆகவே இந்த ஆட்சேபத்தைப் புறந்தள்ள முடியாது, கணக்கில் கொண்டுவர வேண்டும்.

மூன்று லட்சங்களையும் வந்த நாளிலேயே, வரி போக 6 சதவீதம் தரும் வைப்பில் போட்டதாகக் கொள்வோம். 20ஆம் ஆண்டில் அவை 5 லட்சத்து 52 ஆயிரம் ஆகும். முதிர்வுத் தொகையோடு சேர்த்து 11 லட்சத்து 12 ஆயிரம். கட்டிய 15 பிரீமியங்கள் அந்தத் தொகையாக வளர வேண்டிய விகிதம் 5.1 சதவீதம். அப்போதும் எண்டோமென்டை எட்டவில்லை. வெளியே 6 சதவீதம் கிடைக்கிறது என்றால், அந்தப் பணத்தை முதலிலேயே உள்ளே போட்டிருக்க வேண்டியதில்லை என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிக் கட்டணத்துக்கோ வீட்டு வேலைக்கோ பணம் தேவை என்பது உண்மையான தேவை. அதற்கு ஆண்டுக்கு முக்கால் சதவீதம் விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் ஆட்சேபமில்லை.

காப்பின் விலை

இதுவரை செய்த கணக்கில் பாலிசிதாரருக்கு ஓர் அநீதி நடந்திருக்கிறது. கட்டிய பிரீமியம் முழுவதையும் சேமிப்பாக எடுத்துவிட்டோம். அதில் ஒரு பகுதி, 20 ஆண்டுகளும் குடும்பத்துக்கு இருந்த 5 லட்சம் ரூபாய்க் காப்பின் விலை. அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்கியலாளர் ஆல்பர்ட் லிண்டனின் பெயரால் வழங்கும் முறை இதைத் தீர்க்கிறது: அதே காப்பை டேர்ம் பாலிசியாகத் தனியே வாங்கினால் என்ன ஆகுமோ அதைப் பிரீமியத்திலிருந்து கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் விகிதம் காண வேண்டும். மேலே சொன்ன 1979 அறிக்கையும் இம்முறையையே பின்பற்றியது.

5 லட்சத்துக்கு டேர்ம் பிரீமியம் ஆண்டுக்கு 1,500 என்று வைப்போம். எண்டோமென்டில் சேமிப்புப் பகுதி 23,500 ஆகிறது, விகிதம் 5.3-இலிருந்து 5.85 ஆக உயர்கிறது. மணிபேக்கில் பிரீமியம் நின்ற பிறகும், நடுவில் பணம் வாங்கிய பிறகும் முழுக் காப்பு தொடர்வதால், 20 ஆண்டுகளுக்கும் அந்த 1,500-ஐக் கழிக்க வேண்டும், விகிதம் 5.1 ஆகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரிதாக மாறவில்லை. காப்பீட்டுத் தொகை ஒன்றாக இருக்கும்வரை, எது மேல் என்ற கேள்விக்கு இந்தக் கழிப்பு அவசியமில்லை. காப்பு வேறுபட்டால் அவசியம்: 10 லட்சம் காப்புள்ள பாலிசியையும் 5 லட்சம் காப்புள்ளதையும் வெறும் விகிதத்தால் ஒப்பிடுவது பொருளற்றது.

வேறு சேமிப்போடு ஒப்பிடும்போதும் இதே கழிப்பு வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம் தரும் பி.பி.எஃப். கணக்கில் அந்த 23,500-ஐ 20 ஆண்டுகள் போட்டு, அதே விகிதம் நீடித்தால், 10 லட்சத்து 43 ஆயிரம் ஆகும். டேர்ம் பாலிசியும் தனியே இருக்கும். 25,000 முழுவதையும் பி.பி.எஃப்.-இல் போட்டு 11 லட்சம் வரும் என்று காட்டுபவர்கள் காப்பின் விலையை விழுங்கிவிடுகிறார்கள்.

போனஸ் என்னும் ஊகம்

இந்தக் கணக்குகளில் உறுதியானவை பிரீமியமும் காப்பீட்டுத் தொகையும் மட்டுமே. வரவில் மீதியான போனஸ் ஊகம். போனஸ் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுவது. அறிவித்தபின் பறிக்கப்படாது, ஆனால் அடுத்த ஆண்டு எவ்வளவு என்பதற்கு உறுதி கிடையாது. போனஸையே எடுத்துவிட்டால் நம் எண்டோமென்ட் கட்டிய 5 லட்சத்தை 5 லட்சமாகவே திருப்பித் தருகிறது, ஈட்டு சுழி. மணிபேக் கட்டியதைவிடக் குறைவாகத் தருகிறது.

எண்டோமென்டின் போனஸ் ஆயிரத்துக்கு 40-இலிருந்து 35 ஆகக் குறைந்தால் விகிதம் 5.3-இலிருந்து 4.8 ஆகிறது. அதாவது ஆயிரத்துக்கு 5 ரூபாய் வேறுபாடு அரை சதவீதம். இரண்டு பாலிசிகளுக்கும் இடையே நாம் கண்ட முக்கால் சதவீதம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு இதுவே அளவுகோல். மணிபேக்கின் போனஸ் 36-இலேயே நின்று, எண்டோமென்டின் போனஸ் மட்டும் 32.5-க்குக் கீழே போனால்தான் நம் முடிவு தலைகீழாகும். ஒரே நிறுவனம், ஒரே நிதியம் என்றால் அப்படி ஒன்று மட்டும் சரிவது அரிது. இரண்டு நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிடும்போது அந்தத் துணிவு எனக்கு வராது. அங்கே முக்கால் சதவீதத்தைச் சமநிலை என்றே கொள்வேன்.

விற்பனையின்போது தரப்படும் பயன் விளக்க அட்டவணையில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்திகள் இருக்கும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி காட்டப்படும் இவை நிறுவனத்தின் முதலீடு ஈட்டக்கூடியதாக ஊகிக்கப்படும் விகிதங்கள். செலவும் கமிஷனும் காப்பின் விலையும் போனபின் பாலிசிதாரருக்கு வருவது இதைவிடக் குறைவு. 8 சதவீதப் பத்தியில் உள்ள முதிர்வுத் தொகையை மேலே உள்ள சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால், வரும் விடை 8 அல்ல என்று உடனே தெரிந்துவிடும்.

பாதிவழியில்

வாங்குமுன் கேட்ட கேள்வியும் பத்தாண்டு கட்டியபின் கேட்கும் கேள்வியும் வேறு வேறு. இதைத்தான் பெரும்பாலோர் குழப்பிக்கொள்கிறார்கள். 5.3 சதவீதம்தான் வருகிறது என்று கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர், பத்தாம் ஆண்டு முடிவில் எண்டோமென்டைச் சரண்டர் செய்யப் போகிறார். அதுவரை கட்டியது இரண்டரை லட்சம். சரண்டர் செய்தால் 2 லட்சத்து 25 ஆயிரம் கிடைக்கும் என்று கிளை அலுவலகம் எழுதித் தந்திருக்கிறது என்று கொள்வோம்.

இப்போது கட்டிய பழைய பிரீமியங்கள் கணக்கில் வரக் கூடாது. அவை எந்த முடிவெடுத்தாலும் போனவை. இன்று அவர் போடும் முதலீடு, வாங்காமல் விடும் சரண்டர் தொகையான 2 லட்சத்து 25 ஆயிரம். அதோடு இன்னும் பத்துப் பிரீமியங்கள். கடைசியில் 9 லட்சம். இந்த வரிசையின் விகிதம் 8.3 சதவீதம்! பாலிசி மாறவில்லை, தொடக்கக் காலக் கமிஷனும் செலவும் முன்பே கழிந்துவிட்டன, இனி வருவது மட்டும் மிச்சம். பிரீமியம் கட்டாமல் பெய்ட்-அப் ஆக விட்டுவிட்டாலும், பாதிக் காப்பீட்டுத் தொகை இரண்டரை லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸ் 2 லட்சமும் ஆக 4 லட்சத்து 50 ஆயிரம் முதிர்வில் வரும். 2 லட்சத்து 25 ஆயிரம் பத்தாண்டில் இரட்டிப்பாவது 7.2 சதவீதம். வாங்கியிருக்கக் கூடாத பாலிசி, பாதிவழியில் விடக் கூடாத பாலிசியாகிவிடுகிறது.

எல்லாப் பாலிசிக்கும் இது பொருந்தாது; விடை சரண்டர் தொகையைப் பொறுத்தது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், முதல் ஆண்டு பிரீமியத்தை முழுமையாகக் கட்டியிருந்தாலே சிறப்புச் சரண்டர் மதிப்புக்கு வழி செய்திருப்பதால், புதிய பாலிசிகளில் தொடக்க ஆண்டுகளில் கிடைக்கும் தொகை முன்பைவிட மேலாக இருக்கும். நம் எண்டோமென்டில், வெளியே 7.1 சதவீதம் உறுதியாகக் கிடைக்கும் ஒருவர், மேலே ஊகித்த போனஸ் தொடரும் என்று நம்பினால், காப்பின் மதிப்பைக் கணக்கில் எடுக்காமலேகூட, பத்தாம் ஆண்டுச் சரண்டர் தொகை 2 லட்சத்து 66 ஆயிரத்தைத் தாண்டினால் மட்டுமே பாலிசியை விடலாம்.